‘முன்’ படத்து முகம்

அந்த ஸ்டூடியோவில் கேமரா என்று ஒன்று இருந்தது. பெரும்பாலும் உறைபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்கு வேண்டிய படங்களை இப்போது ஏஐதான் போட்டுக் கொடுத்தது. அதற்கு என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று வார்த்தையில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் சின்னவள். வீட்டில் அவளும் அவள் அக்காவும்தான். அக்கா கூப்பிட்ட பேர் ‘சின்னவளே’. அதை ஒருமுறை போனில் கேட்ட முதலாளி தானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, ஸ்டூடியோ முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

சேர்ந்த புதிதில் அவளுக்கு வேலை பிடிபடவில்லை. நாய்க்கான ஷாம்பு விளம்பரம் ஒன்று வந்தது. ‘பட்டுப்போல மென்மையான, பளபளக்கும், மிக அழகான ரோமம்’ என்று எழுதினாள். வந்தது நாய் இல்லை. நாய் வடிவத்தில் வெட்டி ஒட்டிய தரைவிரிப்பு. ‘மெழுகு மாதிரி இருக்கக் கூடாது’ என்று சேர்த்தாள். இன்னும் மெழுகாக வந்தது. மெழுகு என்ற சொல்லைக் கொடுத்தால் அது மெழுகைத்தான் பிடித்துக்கொள்கிறது, ‘கூடாது’ அதன் காதில் விழுவதில்லை என்று புரிய அவளுக்கு ஒரு வாரம் ஆனது. முதலாளி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “குளிப்பாட்டச் சொன்னா இஸ்திரி போட்டு வெச்சிருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதவளை அக்காதான் எழுப்பி உட்கார வைத்தாள். அக்காவுக்கு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. துணியைத் தொட்டே இது எந்த நூல் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய நாய்க்குக் கரடி என்று பேர். அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“நாயை எழுதணும்னா நாயைப் பாருடி. வா, கிட்ட வா.”

கழுத்து முடியை வாயால் ஊதிக் காட்டினாள். மேலே முரட்டு முடி, அது பிரிந்தால் உள்ளே சாம்பலாய்ப் பஞ்சு மாதிரி இன்னொரு முடி. நெஞ்சில் ஒரு சுழி. அங்கிருந்து முடி நாலு பக்கமும் திரும்பிப் போகிறது. மூக்குத்தண்டில் மொட்டையாய்க் கத்தரித்த மாதிரி குட்டை முடி. காதோரம் முடி மெலிந்து தோல் தெரிகிறது. வயிற்றுப் பக்கம் நனைந்தால் கொத்துக்கொத்தாய் ஒட்டி நுனி கூர்மையாகிறது. அக்கா சொல்லச் சொல்ல சின்னவள் எழுதிக்கொண்டாள். மறுநாள் ‘அழகான’, ‘கச்சிதமான’, ‘பளபளக்கும்’ எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், ரீடச் செய்து மெருகேற்றாத சாதாரண புகைப்படம் என்று ஆரம்பித்து, பார்த்ததை மட்டும் எழுதினாள்.

வந்தது நாய். தொட்டால் கையில் ஈரம் ஒட்டும்போல இருந்தது.

அந்தப் படம் ஷாம்பு பாட்டிலின் மேல் வந்தபோது அக்கா கடையில் இருந்த எல்லோருக்கும் அதைக் காட்டினாள். “எங்க கரடிதான். அப்படியே இல்ல, ஆனா அவன் முடி. என் தங்கச்சி எழுதினது.” நாய்க்கும் காட்டினாள். அது பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

அதற்கப்புறம் முதலாளி சின்னவளை இஸ்திரி என்று சொல்வதை விட்டுவிட்டார். தோல், முடி என்று வந்தால் அவள் மேஜைக்குத்தான் வந்தது.

அப்படித்தான் க்ரீம் கம்பெனி வந்தது. அந்தக் கம்பெனியின் விளம்பரப் பொறுப்பு ஒரு மேடத்திடம் இருந்தது. மெல்லப் பேசுவார், ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்ல மாட்டார். அவருக்கு வேண்டியது இரண்டு படம். க்ரீம் போடுவதற்கு ‘முன்’ ஒன்று, போட்ட ‘பின்’ ஒன்று. ‘பின்’ சுலபம், அதில் கொஞ்சம் பொம்மைத்தனம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ‘முன்’தான் கஷ்டம்.

சின்னவள் முதலில் ‘கறைகள் உள்ள முகம்’ என்று எழுதினாள். வழவழப்பான சினிமா முகத்தில் யாரோ பேனாவால் புள்ளி வைத்த மாதிரி வந்தது. தோலில் துளைகள் தெரிய வேண்டும் என்பதை மூன்று இடத்தில் மூன்று விதமாக அழுத்தி எழுதினாள். ஆரஞ்சுத் தோலைப் போர்த்திக்கொண்ட ஒரு கிழவி வந்தாள். வெளிச்சத்தை மாற்றினாள். படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளில் போட்டாள். அது இருந்த கொஞ்சநஞ்ச துளையையும் மாவு பூசி அடைத்துவிட்டது.

மேடம் எல்லாவற்றையும் பார்த்தார். “இதைப் பார்த்தா யாருக்கும் தன் மூஞ்சி ஞாபகம் வராது. எனக்கு வயிறு கலங்கணும். நாளைக்கு வரேன்.”

மேடம் போனதும் முதலாளி, “நாளைக்குள்ள படம் வரலேன்னா நீயும் வராதே” என்றார்.

மறுநாள் காலையில் அக்கா ஜன்னலடியில் உட்கார்ந்து வேலைக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. எதிரே காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த சின்னவள் சும்மாதான் பார்த்தாள். பிறகு சும்மா பார்க்கவில்லை.

இரண்டு கன்னத்திலும் மங்கு, பழுப்புத் திட்டாக. ஒரே அளவாக இல்லை, இடது பக்கம் கொஞ்சம் கூடுதல், ஓரங்கள் தோலோடு கரைந்திருந்தன. மூக்கு மடிப்பில் லேசான சிவப்பு. நெற்றியில் மட்டும் எண்ணெய்ப் பளபளப்பு, கன்னத்தில் இல்லை. மேலுதட்டின் மேல் பூனைமுடி, பக்க வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற மாதிரி. வாயைச் சுற்றி ஒரு சாயல் கருமை. பழைய பருக்குழிகள், வலது கன்னத்தின் கீழே மூன்று நாலு. தாடையில் எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு. மற்ற தோலைவிட அது மட்டும் வழுவழு. வகிடு நேராக இல்லை. நெற்றியோரம் புதிதாய் முளைத்த நரைமுடிகள் மற்ற முடிக்கு அடங்காமல் கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றன.

“என்னடி அப்படிப் பாக்கறே? மூஞ்சில ஏதாச்சும் இருக்கா?”

“ஒண்ணுமில்லக்கா. தலை பின்னு.”

அலுவலகம் போய் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். பேர் போடவில்லை, வயது நாற்பதை ஒட்டி என்று மட்டும் போட்டாள். மூன்றாவது படத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா இல்லை அது. மூக்கு வேறு, கண் வேறு. ஆனால் அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். கண்ணாடிமுன் உட்கார்ந்து இப்போதுதான் ஏதோ கேட்டவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

மேடம் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தானே தொட்டுக்கொண்டார். “இதான்.”

முதலாளி சின்னவளின் தோளில் தட்டிக் கொடுத்தார். அந்த வாரமே அவளுக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. அக்காவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அது அக்கா இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூக்கு வேறு.

விளம்பரப் பலகையை எங்கே வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஊர் முழுக்க வைத்தார்கள். அதில் ஒன்று அக்காவின் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே, பஸ் நிறுத்தத்தின் தலைமேல். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘இப்படியே இருந்துடப் போறீங்களா?’

முதலில் பார்த்தவன் கடையில் துணி மடிக்கும் பையன். “பில்லு அக்கா, எதிர்ல நிக்கறது உங்க கூடப் பொறந்தவங்களா?” என்றான். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். மூக்கு வேறு என்பதை யாரும் பார்க்கவில்லை. தாடைத் தழும்பைப் பார்த்தார்கள், மங்கைப் பார்த்தார்கள், நிமிர்ந்து நிற்கும் நரையைப் பார்த்தார்கள். அப்புறம் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அதற்குமுன் அவள் முகத்தில் அதெல்லாம் இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. அன்றிலிருந்து அதுமட்டும்தான் தெரிந்தது. பில் வாங்க வந்தவர்கள் அவளையும் ஜன்னலுக்கு வெளியேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, “இன்னும் அந்தக் க்ரீம் போடலியா?” என்று கேட்டாள்.

கடைக்காரர் நல்லவர் மாதிரிதான் பேசினார். “கூட்டம் சிரிக்குதும்மா. உனக்குத்தான் சங்கடம். கொஞ்ச நாள் பின்னால கோடவுன்ல இரு.” கோடவுனில் ஜன்னல் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றாள். சின்னவள் சப்பாத்தி திரட்டிக்கொண்டிருந்தாள்.

“கரடியை எழுதின மாதிரி என்னையும் எழுதினியா?”

சின்னவள் சப்பாத்திக்கட்டையை விடவில்லை. “அது நீ இல்லக்கா. அதுக்கு யாரையும் காட்டலை. வெறும் வார்த்தைதான்.”

“நான் இல்லைன்னு எனக்கே தெரியும். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆனா என் மேல இருக்கறதெல்லாம் அவ மேல இருக்கு.” அக்கா நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். “என்ன எழுதினே? சொல்லு.”

“வேண்டாம்க்கா.”

“எழுதத் தெரிஞ்சுதில்ல? வாயால சொல்லு. என்னைப் பார்த்துச் சொல்லு.”

சின்னவள் சொன்னாள். மங்கிலிருந்து ஆரம்பித்தாள். இடது பக்கம் கூடுதல். மூக்கு மடிப்பில் சிவப்பு. பூனைமுடி என்று சொன்னபோது அக்காவின் கை தானாகவே மேலுதட்டுக்குப் போய், பாதியில் நின்று, மடிக்கு இறங்கியது. பருக்குழிகள். தழும்பு. அடுப்பில் சப்பாத்தி கருகியது. யாரும் எழுந்து போகவில்லை.

“அவ்வளவுதானா?”

“நரை.”

“நரை எப்படி?”

“மத்த முடிக்கு அடங்காம… கம்பி மாதிரி.”

அக்கா தலையை ஆட்டினாள். “நல்லாத்தான் பார்த்திருக்கே. கட்டிட்டு விட்டுப் போனவன்கூட என்னை இவ்வளவு பார்த்ததில்ல.” எழுந்து போய் முகம் கழுவினாள். தண்ணீர் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் சின்னவள் முதலாளியிடம் போய் நின்றாள். படத்தை எடுத்துவிட வேண்டும், வேறு முகம் எழுதித் தருகிறேன், ராப்பகல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றாள். கடைசியில் விஷயத்தையும் சொல்லிவிட்டாள்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “உங்க அக்காவா? நிஜமாவே இருக்காங்களா? இரு, இரு.” அவள் எதிரிலேயே மேடத்துக்குப் போன் போட்டார்.

அவள் மன்றாடியதன் பலன் இதுதான். போலி முகம் போடுகிறார்கள் என்று ஏற்கெனவே இரண்டொருவர் கம்பெனிக்கு எழுதியிருந்தார்கள். அதனால் மேடத்துக்கு நிஜ ஆள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. நிஜப் பெண், நிஜப் புகைப்படம், ‘முன்’னும் ‘பின்’னும். சம்பளம் உண்டு. அக்காவைக் கேட்டுச் சொல் என்றார்கள்.

“பின் படத்துலயும் அவங்களேதானா?” என்று சின்னவள் கேட்டாள்.

“ஆமாம்மா. ஆனா படம் எடுக்கற அன்னைக்கு முதல்ல முன் படத்தை எடுத்துடுவோம்” என்றார் முதலாளி.

வீட்டில் அவள் பின் படத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின் மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போட்டாள்.

“அதே போர்டுல போடுவாங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“போடுவாங்க.”

“கடைக்கு எதிர்லயா?”

“ஆமா.”

“சரி.”

படம் எடுக்கும் நாளுக்கு அக்கா கடையில் லீவு சொன்னாள். விடிந்ததும் பார்லருக்குப் போனவள் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். தலைக்குச் சாயம் ஏற்றி நெற்றியோரம் படியவைத்திருந்தாள். மேலுதட்டு முடியை வழித்திருந்தாள், தோல் சிவந்திருந்தது. மங்குக்கும் தழும்புக்கும் மேல் கனமாக ஃபவுண்டேஷன். புதுப் புடவை. ஸ்டூடியோ வாசலில் கொஞ்சம் வெட்கத்தோடு நின்று தங்கையைத் தேடினாள்.

கேமராவின் உறையைக் கழற்றி, நேர் எதிரே இரண்டு விளக்கைப் போட்டு, போட்டோகிராஃபர் நாலைந்து படம் எடுத்தார். மேடம் திரையில் பார்த்தார். அங்கே ஒரு பொம்மை இருந்தது. நெற்றியும் கன்னமும் மூக்கும் ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. தலைமுடி ஒரே கறுப்பாய், தொப்பி கவிழ்த்த மாதிரி.

“இதை யார் நம்புவாங்க?” என்றார் மேடம். “ஏஐ போட்டதுன்னு சொல்வாங்க. போர்டுல இருக்கற பொண்ணு நிஜமா இருக்கா. இவங்க மெழுகு மாதிரி இருக்காங்க.”

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி திரும்பினார். “சின்னவளே, நீதானே இதுல கெட்டிக்காரி. என்ன பண்ணணும்?”

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். “அக்கா, முதல்ல… முன் படம்தான் எடுப்பாங்க.”

“உனக்குத் தெரியுமா?”

சின்னவள் பஞ்சை எடுக்கத் திரும்பினாள். அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். அவள் போகவில்லை. முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தாள், பல் டாக்டரிடம் கொடுப்பது மாதிரி.

சின்னவள் பஞ்சை எண்ணெயில் நனைத்து ஃபவுண்டேஷனைத் துடைத்தாள். கன்னத்திலிருந்து மங்கு மெல்ல மேலே வந்தது. தாடையைத் துடைத்தாள். “அந்த ரெண்டு லைட்டையும் அணைங்க” என்றாள் போட்டோகிராஃபரிடம். “நேரா அடிச்சா துளையெல்லாம் செத்துடும். ஜன்னல் திரையை விலக்குங்க. ஸ்டூலை இப்படித் திருப்புங்க, வெளிச்சம் இடது பக்கமா வரணும்.” கையை நனைத்து, படியவைத்த முடியைக் கலைத்தாள். வகிட்டை விரலால் கோணலாக்கினாள். நெற்றியோரத்தில் சாயம் பிடிக்காத இரண்டு நரை வேரோரம் மிச்சம் இருந்தன. அவற்றை மட்டும் நகத்தால் பிரித்து இழுத்து நிமிர்த்தி விட்டாள். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

வந்துவிட்டது. வழித்துவிட்டதால் பூனைமுடி மட்டும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

“இப்போ எடுங்க” என்றாள்.

மேடம் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா அந்தப் பொண்ணோட கண்ணைப் பார்த்தா நமக்குப் பாவமா இருக்கு. இவங்க கண்ணு நம்மளை முறைக்குது.” கொஞ்சம் யோசித்தார். “வேணாம். பழசே இருக்கட்டும். இவங்கன்னா கையெழுத்து, ஒப்பந்தம், நாளைக்கு ஏதாவது வழக்கு. அவ யாருமே இல்ல, அவளால தொல்லை இல்ல.”

எழுந்து போகும்போது அக்காவின் பக்கம் திரும்பி, “வந்ததுக்கு நன்றிம்மா. நம்ம க்ரீம் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க” என்றார். உண்மையிலேயே அன்பாகத்தான் சொன்னார். முதலாளி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள்.

“நீ சிரிச்சே.”

“எப்பக்கா?”

“என் நரையை இழுத்து நிமிர்த்தினப்போ. பின்னால போய்ப் பார்த்தியே, அப்போ. சரியா வந்துடுச்சுன்னு சிரிச்சே.”

சின்னவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சிரித்தது அவளுக்கே ஞாபகம் இருந்தது.

“அவங்க பண்ணினதெல்லாம் வேற,” என்றாள் அக்கா. “அவங்களுக்கு நான் யாரு?”

அந்த மாதக் கடைசியில் அக்கா கோடவுனுக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். சண்டை போடவில்லை. பாத்திரத்தை இரண்டாகப் பிரித்து, நல்லதைத் தங்கைக்கு வைத்தாள். கரடியைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவள் வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள், அவர் தடுக்கவில்லை. “போறதுன்னா போ. நீ எழுதினது இங்கேதான் இருக்கு. நாலு வார்த்தை மாத்தினா யார் வேணா போட்டுக்கலாம்.” அது உண்மை. மூட்டுவலித் தைலத்துக்கு அதே வார்த்தைகளில் நரையைக் கூட்டிப் போட்டார்கள். தாடைத் தழும்போடும் மங்கோடும் இன்னொரு அம்மாள் வந்தாள். மருந்துக்கடை வாசல் போர்டில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தான் இருந்தாலாவது தழும்பை எடுத்துவிடலாம் என்று நினைத்துச் சின்னவள் இருந்துவிட்டாள். அடுத்த க்ரீம் படத்தில் எடுத்தும் விட்டாள். மேடம் போன் செய்து, அது இல்லாமல் முகம் சப்பென்று இருக்கிறது, திரும்பப் போடு என்றார். போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனாள். கதவைத் திறந்த அக்கா உள்ளே வா என்றாள், காபி கொடுத்தாள். அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். வெளிச்சம் அவள் பின்னால் இருந்ததால் முகம் நிழலாய் இருந்தது. கடைக்கதை பேசினார்கள். துணி மடிக்கும் பையனுக்குக் கல்யாணமாம். கரடி சின்னவள் காலடியில் வந்து படுத்தது. அவள் கை அதன் கழுத்துக்குப் போனது.

“அவனைப் பார்க்காதே” என்றாள் அக்கா.

“தடவத்தானே போறேன்.”

“தடவு. பார்க்காதே.”

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நாயைத் தடவினாள். மேல்முடி முரடாகவும் உள்முடி மெத்தென்றும் விரலுக்குள் வந்தது. காபி ஆறும்வரை அப்படியே இருந்தாள். அப்புறம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அக்கா வாசல்வரை வந்தாள், ஆனால் வெளியே வெயிலுக்கு வரவில்லை.